மிச்சம் என்ற சொல்லை எங்கே ஒட்டுவது

2024ஆம் ஆண்டு தீபாவளி ஒக்டோபர் 31ஆம் திகதி, வியாழக்கிழமை. அது முடிந்த அடுத்த திங்கட்கிழமை காலையில் திருகோணமலையில் உள்ள எங்கள் புடவைக்கடை வாசலில் நான் ஒரு போட் தொங்கவிட்டேன். வெள்ளை மட்டையில் சிவப்பு மார்க்கரால் பெரிய எழுத்தில் இப்படி எழுதியிருந்தேன்: “தீபாவளி மிச்சம்! பட்டுப் பாவாடை சட்டை 50% கழிவு! இறுதி விற்பனை!”

மூன்று வரி, மூன்றும் பிழை. அது எனக்கு விளங்கப் பத்து நாள் எடுத்தது.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். அந்தத் தீபாவளிக்குக் கொழும்பு புறக்கோட்டையில் இருந்து பெண்பிள்ளைகளின் பட்டுப் பாவாடை சட்டை 180 செட் எடுத்தோம். லொறிக்கூலியோடு ஒரு செட் 3,100 ரூபா விழுந்தது. விலைச்சீட்டில் 4,650 போட்டோம். தீபாவளிக்கு முதல்நாள் இரவு கடை பூட்டும்போது 52 செட் நின்றது. அதாவது ஒரு லட்சத்து அறுபத்தோராயிரத்துக்குக் கிட்ட எங்கள் காசு ராக்கையில் மடித்துக் கிடந்தது. டிசம்பர் 10ஆம் திகதிக்குச் செக் கொடுத்திருந்தோம். பதற்றத்தில் எழுதின போட் அது. பதற்றத்தில் எழுதினதை வாசிக்கிற ஆளுக்கும் அந்தப் பதற்றம் தெரியும்.

பாதி விலை போட்டால் 2,325. வாங்கின விலையிலும் குறைவு. அப்படிப் போட்டும் பத்து நாளில் போனது ஆறு செட்தான்.

ஆட்கள் வராமல் இல்லை. வந்தார்கள், கிளறினார்கள், போனார்கள். அதில் ஒரு அம்மா எனக்கு இன்னும் நினைவில் நிற்கிறா. செல்வநாயகபுரத்தில் இருந்து பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தா. மழை தூறிக்கொண்டிருந்தது. ஒரு மாம்பழ நிறப் பாவாடையை எடுத்து, சரிகைக்கரையைப் பெருவிரலால் இரண்டு தரம் உரசிப் பார்த்தா. பிறகு மடிப்பை விரித்து மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்தா.

“நனைஞ்சதோ பிள்ளை?”

“இல்லை அம்மா, நல்ல சாமான்.”

“நல்ல சாமான் எண்டால் ஏன் பாதி விலைக்குத் தாறீங்கள்?”

எனக்கு வாய் அடைத்துவிட்டது. அந்த அம்மா கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. எங்கள் ஊரில் தீபாவளியோடு மாரி தொடங்கிவிடும். நவம்பரில் துணி மலிவாகக் கிடக்கிறதென்றால் ஓட்டு ஒழுக்கில் நனைந்தது, வெள்ளத்தில் தப்பினது என்றுதான் முதலில் மனம் போகும். விலை ஏன் குறைந்தது என்று நான் போட்டில் சொல்லவில்லை. நான் சொல்லாத காரணத்தை அவவே கண்டுபிடித்துக்கொண்டா. அவ கண்டுபிடித்தது எனக்குச் சாதகமாகவா இருக்கப்போகிறது?

அதைவிடப் பெரிய அடி கடைக்குள்ளேயே விழுந்தது. அடுத்த நாள் இன்னொருவர் அதே கேள்வியைக் கேட்டபோது எங்கள் கடையில் நிற்கிற பிள்ளை, பாவம், உதவி செய்கிற நினைப்பில் சொன்னது: “அது பழைய ஸ்டொக் அக்கா, அதுதான் குறைச்சுக் குடுக்கிறம்.” நாலு கிழமைக்கு முன் வந்து இறங்கின துணி அது. நான் கோபப்படவில்லை, கோபப்படவும் முடியாது. போட்டில் மிச்சம் என்று எழுதினது நான்தான். அந்தப் பிள்ளை அதைத் தன் வாயால் மொழிபெயர்த்தது, அவ்வளவுதான்.

“இறுதி விற்பனை” செய்த கூத்து வேறு. மூன்றாம் நாள் கொழும்பில் இருந்து மொத்த வியாபாரியின் போன். “என்ன தங்கச்சி, கடையை மூடுறீங்களோ?” யாரோ லொறிக்காரர் போய்ச் சொல்லியிருக்கிறார். நான் கொடுத்த செக் அவர் கையில் இருக்கும்போது அப்படி ஒரு பேச்சுக் கிளம்பினால் அடுத்த சீசனுக்குக் கடன் கிடைக்காது. அரை மணித்தியாலம் பேசித்தான் அவரைச் சமாதானப்படுத்தினேன். நம் ஊரில் இறுதி என்றால் கடை பூட்டுகிறது, இல்லாவிட்டால் செத்த வீடு. வியாபாரத்துக்கு ஆகிற சொல் இல்லை அது.

நவம்பர் 14ஆம் திகதி பொதுத் தேர்தல். அடுத்த நாள் பூரணை விடுமுறை. கடை பூட்டியிருந்தது. நானும் கணவரும் உள்ளே இருந்து 46 செட்டையும் மேசையில் விரித்தோம். போட்டை மாற்றத்தான் இருந்தோம். ஆனால் சாமானைப் பார்க்காமல் என்ன எழுதுகிறது?

பார்த்தபோது இரண்டு விஷயம் தெரிந்தது. ஒன்று, ஐந்து செட்டில் உண்மையாகவே குறை இருந்தது. கண்ணாடி அலுமாரியில் வெயில் படத் தொங்கினவை. மடிப்புக் கோட்டில் நிறம் ஒரு நூல் அளவு வெளுத்திருந்தது. வாசலில் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பிடித்தால்தான் தெரியும், டியூப் வெளிச்சத்தில் தெரியாது. இரண்டு, மிச்சம் 41 செட்டும் 20, 22, 34 சைஸ். இடையில் உள்ள 24 தொடக்கம் 32 வரை முழுக்க முடிந்துவிட்டது. அதாவது இந்தத் துணி நின்றதற்குக் காரணம் துணி இல்லை. நாங்கள் சைஸ் பிரிக்காமல் எடுத்ததில் விட்ட பிழை. மொத்தக் கடையில் கட்டாகத்தான் தருவார்கள். ஒரு கட்டில் எல்லாச் சைஸும் ஒரே அளவு வரும், ஆனால் வாங்குகிற பிள்ளைகள் ஒரே அளவில் வருவதில்லை.

இதுதான் உண்மையான காரணம். இதைச் சொல்வதில் எனக்கு ஒரு நட்டமும் இல்லை. வாங்குகிறவருக்கோ உடனே விளங்கும், ஏனென்றால் தீபாவளி நேரம் சைஸ் இல்லாமல் திரும்பிப் போன அனுபவம் எல்லாருக்கும் இருக்கிறது.

அன்றைக்கு இருந்து சொற்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தோம். “மிச்சம்” என்பதை அடியோடு விட்டுவிடலாம் என்றுதான் நான் நினைத்தேன். கணவர்தான் சொன்னார், “காசு மிச்சம் எண்டும் சொல்றதுதானே?” அப்போதுதான் எனக்குப் பளிச்சென்றது. மிச்சம் என்ற சொல்லில் பிழை இல்லை, அதை ஒட்டின இடம்தான் பிழை. துணியோடு ஒட்டினால் அது தட்டில் விட்டுப்போன சோறு. காசோடு ஒட்டினால் கையில் நிற்கிற லாபம். “தீபாவளி மிச்சம்” என்றால் முகம் சுளிப்பார்கள், “950 ரூபா மிச்சம்” என்றால் கிட்ட வருவார்கள். சிங்களத்திலும் இதே கதைதான்: “இத்துரு” என்றால் மிஞ்சினது, அதிலிருந்து வருகிற “இத்துரும்” என்றால் சேமிப்பு.

“கழிவு” என்பதற்கும் அதே விதி. நம் நாட்டில் டிஸ்கவுண்டுக்குக் கழிவு என்றுதான் எழுதுகிறோம், வங்கி அட்டைக்காரரும் அப்படித்தான் விளம்பரம் போடுகிறார்கள். இலக்கத்துக்குப் பக்கத்தில் நிற்கும்போது அதைக் கணக்காகத்தான் வாசிக்கிறோம். 20% கழிவு, விலைக்கழிவு, ஒரு சிக்கலும் இல்லை. பொருளுக்குப் பக்கத்தில் வந்தால்தான் பொருள் மாறிவிடும். “கழிவுச் சேலைகள்” என்று ஒரு போட்டை நானே வேறொரு ஊரில் கண்டிருக்கிறேன். கழித்துப்போட்ட சேலையை யார் கட்டுவது? என்னுடைய போட்டில் “பட்டுப் பாவாடை சட்டை 50% கழிவு” என்று ஒரே வரியில் இருந்தது. இலக்கம் நடுவில் நின்றதால் ஓரளவு தப்பினேன். ஆனால் மேலே “மிச்சம்”, கீழே “இறுதி”. இரண்டுக்கும் நடுவில் நின்ற கழிவையும் ஆட்கள் அந்தக் கண்ணோடுதான் வாசித்திருப்பார்கள்.

இந்தியாவில் சொல்கிற “தள்ளுபடி” எங்களுக்கு ரீவியில் கேட்டுப் பழக்கம்தான். ஆனாலும் இங்கே தள்ளுபடி என்றால் வழக்கும் கடனும்தான் ஞாபகத்துக்கு வரும். அதை எடுக்கவில்லை. “மலிவு” துவாய்க்கும் தலையணை உறைக்கும் நல்ல சொல். பட்டுப் பாவாடை பேத்திக்கும் மருமகளுக்கும் வாங்கிக் கொடுக்கிற சாமான். மலிவு விற்பனையில் வாங்கினேன் என்று சொல்லி யாரும் கொடுக்கமாட்டார்கள். கொடுக்கிறவரின் முகத்தையும் போட் காப்பாற்ற வேண்டும்.

சனிக்கிழமை காலையில் தொங்கின புதுப் போட் இது:

“பட்டுப் பாவாடை சட்டை
20, 22, 34 சைஸ் மட்டும் இருக்கிறது
(மற்றச் சைஸ் முடிந்துவிட்டது)
4,650 ரூபா, இப்போது 3,700
950 ரூபா மிச்சம், பொங்கல் வரை”

மார்க்கர் நீலம். ஆச்சரியக்குறி ஒன்றுகூட இல்லை. தீபாவளி என்ற சொல்லும் இல்லை. முடிந்துபோன பண்டிகையின் பெயரைப் போட்டால் துணியின் வயதைத்தான் சொல்கிறோம். வரப்போகிற பண்டிகையைச் சொன்னால் உடுக்கப்போகிற நாள் கண்ணுக்குள் வரும். இதில் பொய் ஒன்றும் இல்லை, தீபாவளிப் பாவாடையும் பொங்கல் பாவாடையும் ஒரே பாவாடைதான். ஆனால் தீபாவளிக்கென்று விளக்குப் படம் அச்சடித்த பையும் வாழ்த்து மட்டையும் பொங்கலுக்கு ஆகாது. அவற்றை இப்படிப் பெயர் மாற்றப் பார்த்தால் சிரிப்பார்கள். அதை எடுத்து வைத்து அடுத்த வருடம் விற்கலாம், இல்லாவிட்டால் நட்டக் கணக்கில் எழுதலாம்.

பாதி விலையில் இருந்து ஏன் 3,700க்கு ஏற்றினீர்கள் என்று என் தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. பாதி விலை என்பதே ஒரு சொல். “இதில் ஏதோ இருக்கிறது” என்று அது சத்தமாகச் சொல்கிறது. சைஸ் குறைவு என்ற காரணத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு குறைப்புப் பொருந்தும், பாதி பொருந்தாது. காரணமும் குறைப்பும் ஒன்றுக்கொன்று அளவாக இருந்தால்தான் ஆட்கள் இரண்டையும் நம்புகிறார்கள். 3,700 என்றால் எங்களுக்கும் செட்டுக்கு 600 ரூபா மிஞ்சுகிறது. ஆனால் ஒன்று, பத்து நாள் 2,325 என்று போட்டுவிட்டு ஏற்றினதைச் சிலர் கவனித்தார்கள். இரண்டு பேர் கேட்டார்கள். அவர்களுக்கு அந்தப் பழைய விலைக்கே கொடுத்தேன். வேறு வழி இல்லை, முதலில் பிழை விட்டது நான். ஆகவே முதல் குறைப்பைச் சின்னதாகப் போடுங்கள். இறக்குவது எப்போதும் முடியும், ஏற்றுவது சங்கடம்.

விலைச்சீட்டிலும் ஒரு வேலை இருந்தது. பழைய சீட்டுக்கு மேல் 2,325 ஒட்டியிருந்தோம். அதற்கு மேல் 3,700 ஒட்டினால் மூன்று அடுக்காகிவிடும். ஆட்கள் நகத்தால் சுரண்டிப் பார்ப்பார்கள், நானும் மற்றக் கடையில் சுரண்டுவேன். அடுக்கின சீட்டைப் பார்த்தாலே இந்தச் சாமான் எத்தனை தரம் விலை இறங்கியும் போகவில்லை என்று விளங்கிவிடும். எல்லாவற்றையும் உரித்து, புதுச் சீட்டில் 4,650ஐ ஒரு கோட்டால் வெட்டிக் கீழே 3,700 எழுதினோம். ஒரே ஒரு வெட்டு. வாசலில் இருந்த பிளாஸ்டிக் கூடையையும் எடுத்துவிட்டோம். கூடையில் குவித்துவிட்டு மேலே என்ன எழுதினாலும் குவியல்தான் பேசும். ஹேங்கரில் சைஸ் வாரியாகத் தொங்கவிட்டோம்.

அந்த வெட்டின விலை உண்மையான விலையாக இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒருவர் 4,000 ரூபாச் சேலைக்கு 6,500 என்று சீட்டு அடித்து, அதை வெட்டி 3,900 என்று விற்றார். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் ஏமாற்றுகிற விதமான வியாபார நடத்தையைத் தடை செய்கிறது. விலையைப் பற்றிப் பொய் சொல்வதும் அதற்குள் வரும். நாங்கள் 4,650க்கு விற்ற பில் புத்தகம் எங்களிடம் இருக்கிறது, யார் கேட்டாலும் காட்டலாம். அதே காரணத்துக்காகத்தான் “புது வரவு” என்றும் எழுதவில்லை. அந்த யோசனை வந்தது, மறைக்கவில்லை. ஆனால் ஒக்டோபரில் எங்கள் பேஸ்புக் பக்கத்தில் இதே பாவாடையின் படம் போட்டிருந்தோம். கிண்ணியாவில் இருந்து வந்த ஒரு தங்கச்சி போனில் அந்தப் படத்தைக் காட்டியே “இதுதானே அது?” என்று கேட்டா. “அதேதான், உங்கட சைஸ் மட்டும் நிக்குது” என்றேன். வாங்கிக்கொண்டு போனா. “புது வரவு” என்று எழுதியிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்?

இன்னொருவரையும் சொல்ல வேண்டும், முழு விலைக்கு வாங்கினவர். தீபாவளிக்கு மூன்று நாள் முன் 28 சைஸ் 4,650க்கு எடுத்த ரீச்சர் ஒருவர் முதல் போட்டைக் கண்டுவிட்டு உள்ளே வந்து, “அப்ப எங்களை நல்லா ஏமாத்திப்போட்டீங்கள்” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் அதற்குப் பிறகு இரண்டு கிழமை அந்தப் பக்கம் வரவில்லை. புதுப் போட் வந்த பிறகு அந்தப் பேச்சு எழவில்லை. அவர் வாங்கின சைஸ் இப்போது கடையிலேயே இல்லை என்று போட்டே சொல்கிறது. நேரத்தோடு வந்தபடியால்தான் அவருக்குச் சைஸ் கிடைத்தது.

கடையில் நிற்கிற பிள்ளைக்கு ஒரே ஒரு வசனம் சொல்லிக் கொடுத்தேன். ஏன் விலை குறைவு என்று கேட்டால், “நடுச் சைஸ் எல்லாம் போயிட்டுது அக்கா, இந்த மூண்டு சைஸ்தான் நிக்குது.” அதற்கு மேல் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. “பழுது இல்லை”, “நனையவில்லை” என்று தானாகச் சொல்லக் கூடாது என்றும் சொன்னேன். கேட்காத ஆளுக்குப் பழுது இல்லை என்றால், பழுது என்ற சொல்லை நாங்கள்தான் அவருடைய காதில் போடுகிறோம். கேட்டால், பேசாமல் பாவாடையை விரித்து வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். நவம்பர் கடைசியில் கிழக்கு முழுக்க வெள்ளம் வந்தபோது இது உதவியது. அந்த நாட்களில் எல்லாரும் துணியை மணந்துதான் பார்த்தார்கள்.

வெளுத்த ஐந்து செட்டையும் அந்த ஹேங்கரில் கலக்கவில்லை. அதற்கு வேறு மூலை, வேறு சீட்டு: “மடிப்பில் நிறம் சற்று வெளுத்தது. பாருங்கள். 1,800 ரூபா.” இங்கே அழகான சொல் தேடவே இல்லை. குறை உள்ளதைக் குறை என்று சொன்னதால் பக்கத்தில் தொங்கின நல்லதை ஆட்கள் நல்லதென்று நம்பினார்கள். இது நான் எதிர்பார்க்காத பலன். ஐந்தில் மூன்று, பள்ளிக்கூட நாடகத்துக்கு உடுப்புத் தேடி வந்த ஒருவர் எடுத்துக்கொண்டார்.

2025 ஜனவரி 14 பொங்கல். அதற்குள் 41இல் 29 செட் போனது, பழைய விலைக்குக் கொடுத்த இரண்டையும் சேர்த்து. இது முழுக்கப் போட்டில் எழுதின சொல்லால் வந்ததென்று நான் சொல்லமாட்டேன். பொங்கல் கிட்ட வந்தால் எப்படியும் ஆட்கள் வருவார்கள், நத்தார் வியாபாரமும் இடையில் இருந்தது. ஆனால் முதல் பத்து நாளில் பாவாடையைத் தூக்கினவர்கள் மணந்துவிட்டு வைத்தார்கள். பிறகு தூக்கினவர்கள் பிள்ளையின் இடுப்பில் வைத்து நீளம் பார்த்தார்கள். அந்த வித்தியாசத்தை நான் கண்ணால் கண்டேன்.

டிசம்பர் 10ஆம் திகதிச் செக்குக்கு அந்தக் காசு முழுதாகப் போதவில்லை, கொஞ்சம் புரட்டித்தான் போட்டோம். மீதி 12 செட்டுக்கும் சித்திரைப் புதுவருடத்துக்கு 4,650ஐத் திரும்பப் போடலாம் என்றார் கணவர். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பொங்கல் வரை என்று எழுதினதால் போட்டைக் கழற்றினேன், சீட்டை அப்படியே விட்டேன். 3,700தான். சித்திரைக்கு எட்டுப் போனது. 34 சைஸ் நாலு இன்னும் ராக்கையில் நிற்கிறது, இரண்டு கரும்பச்சை, இரண்டு மாம்பழ நிறம். அன்றைக்கு மணந்து பார்த்த அம்மா சித்திரைக்கு முன் வந்து 22இல் ஒன்று எடுத்தா. மடிப்பை விரித்து, பழையபடி ஒருமுறை மணந்துவிட்டுத்தான் எடுத்தா.